வந்தார், வருகிறார், வருவார்: நினைவுநூலை மொழிபெயர்க்கும்போது காலத்தைக் கைவிடாமல் இருப்பது எப்படி

“அம்மா இப்பவும் விடிய எழும்பித் தண்ணி அள்ளுறாவோ, தம்பி?”

சாவகச்சேரியில் ஒரு வீட்டு விறாந்தையில் இருந்து, ஆங்கிலத்திலிருந்து நான் தமிழாக்கிய ஓர் அத்தியாயத்தை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டு அக்கா கேட்ட கேள்வி இது. நூலை எழுதியவர் அவருடைய அண்ணன். தபால் கந்தோரில் வேலை பார்த்து, பிறகு ரொறன்ரோவுக்குப் போய், 2009இல் தன் வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதி வைத்தவர். பேரப்பிள்ளைகளுக்காக ஆங்கிலம், ஊரில் உள்ளவர்களுக்காகத் தமிழ் என்பது குடும்பத்தின் ஏற்பாடு. அவர்களுடைய அம்மா காலமாகிப் பல வருடங்கள். நான் எழுதியிருந்த வரி இதுதான்: “அம்மா நாலு மணிக்கு எழும்புகிறா. துலாவில் தண்ணீர் அள்ளுகிறா.” ஆங்கிலத்தில் நிகழ்காலம் இருந்தது. நானும் நிகழ்காலம் வைத்தேன். பிழை என்று ஒரு இலக்கண ஆசிரியர் சொல்லமாட்டார். ஆனால் அக்காவின் காதில் இறந்துபோன அம்மா எழும்பி நடந்தா.

நினைவுநூலை முதன்முதலாக மொழிபெயர்க்க வருகிறவர்கள் அநேகமாக இந்த இடத்தில்தான் தடுக்குப்படுகிறார்கள். சொல்லுக்கு அகராதி இருக்கிறது. காலத்துக்கு இல்லை. எழுதியவர் ஒரு பக்கத்தில் “போனோம்” என்கிறார், அடுத்த பக்கத்தில் “போகிறோம்” என்கிறார், நடுவில் ஒரு வரி இன்றைய ரொறன்ரோவில் நிற்கிறது. எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவந்தால் தமிழ் தள்ளாடும். எல்லாவற்றையும் இறந்தகாலமாக்கினால் பத்திரிகைச் செய்தி ஆகிவிடும். நான் இரண்டையும் செய்து பார்த்துத் தோற்ற பிறகு கைக்கு வந்த முறையைத்தான் கீழே சொல்கிறேன். உதாரணங்கள் அந்த நூலின் பாங்கில் உள்ளவை. ஆட்கள் அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

மொழிபெயர்க்க முதல் ஒரு பென்சில்

முதல் அத்தியாயத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்க்க வேண்டாம். வாக்கியத்தை முடிக்கிற வினைகளை மட்டும் அடிக்கோடிடுங்கள். மூலத்தில் எங்கெல்லாம் நிகழ்காலம் இருக்கிறதோ, அந்த ஒவ்வொன்றின் பக்கத்திலும் “இது இங்கே என்ன வேலை செய்கிறது?” என்று கேட்டு ஒரு எழுத்துப் போடுங்கள்.

ஆங்கில நினைவுநூலில் நிகழ்காலம் செய்யும் வேலைகள் பெரும்பாலும் நாலுதான். முதலாவது, எழுதுகிற நேரத்து “இன்று”: அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது, பெயர் ஞாபகம் வரவில்லை. இதற்கு “இ”. இரண்டாவது, எப்போதும் உள்ளது: யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது, கிணறுதான். இதற்கு “எ”. மூன்றாவது, அந்த நாளில் வழக்கமாக நடந்தது. இதற்கு “வ”. நாலாவது, ஒருநாள் ஒருதடவை நடந்து முடிந்ததைக் கண்முன்னே நடக்கிறதுபோலச் சொல்வது. இதற்கு “க”. இந்த நாலாவதைத்தான் வரலாற்று நிகழ்காலம் என்பார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது, ஏதோ அரசர் வரலாறு மாதிரி இருக்கிறது. கதை நிகழ்காலம் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

அடையாளம் போட்டு முடித்தால் ஒரு விசயம் தெரியவரும். ஆங்கிலம் இந்த நாலையும் ஒரே வடிவத்தால் சமாளிக்கிறது. தமிழ் அப்படிச் சமாளிக்காது. ஆகவே காலத்தைச் சீராக வைப்பது என்றால் நூல் முழுக்க ஒரே காலத்தைப் பிடித்திருப்பது என்று நினைக்கக்கூடாது. ஒரே வேலைக்கு நூல் முழுக்க ஒரே வடிவத்தைக் கொடுக்கிறீர்களா என்பதுதான் பார்க்க வேண்டியது. வேலை மாறினால் வடிவம் மாறத்தான் வேண்டும்.

வழக்கத்துக்கு எதிர்காலம்

அக்காவின் கேள்விக்குக் காரணமான வரியைத் திருத்த எனக்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. “அந்த நாளில் அம்மா நாலு மணிக்கு எழும்புவா. துலாவில் தண்ணீர் அள்ளுவா. நாய் ஒருக்காக் குரைத்துவிட்டுப் பேசாமல் படுக்கும்.” வடிவம் எதிர்காலம், பொருள் கடந்துபோன வழக்கம். எங்கள் வீடுகளில் எல்லாரும் பழைய கதை சொல்வது இப்படித்தான். “அப்ப கோச்சி வரும், நாங்கள் ஓடிப்போய்ப் பாப்பம்.” ஒருவரும் அதை நாளைக்கு வரப்போகிற ரயில் என்று விளங்கிக்கொள்வதில்லை.

இது பேச்சுவழக்கு, எழுத்துக்கு ஆகாது என்று நினைக்கிறவர்களுக்கு நன்னூலைக் காட்டலாம். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் மூன்று காலமும் ஏற்ற இடத்தில் ஒன்று மற்றொன்றாக மாறி வரலாம் என்று அதில் ஒரு நூற்பா இருக்கிறது. “இயல்பு” என்பதற்கு உரைகாரர் காட்டும் உதாரணம் “யாம் பண்டு விளையாடுவது இக்கா”. முன்னொருகாலத்தில் இந்தச் சோலையில் விளையாடினோம் என்பது பொருள், வடிவம் எதிர்காலம். “விரைவு” என்பதற்கு நூலே தேவையில்லை. சாப்பிடக் கூப்பிட்டால், கதிரையை விட்டு எழும்பாமலே “இந்தா வந்திட்டன்” என்கிறோமே, அதுதான்.

ஒரு எச்சரிக்கை. இந்த வடிவம் தனியே நின்றால் உண்மையான எதிர்காலமாகத் தெரியக்கூடும். பந்தியின் முதல் வரியில் ஒரு முளை அடித்து வையுங்கள்: “அந்த நாளில்”, “நான் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது”, “மாரி தொடங்கினால்”. ஒரு முளை ஒரு பந்திக்குப் போதும், வரிக்கு வரி வேண்டாம். வழக்கத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட நாளுக்குள் போகும்போது “ஒருநாள்” என்று தொடங்கி வினையை இறந்தகாலத்துக்கு மாற்றிவிடுங்கள். “அள்ளுவா, அள்ளுவா, ஒருநாள் வாளி அறுந்து விழுந்தது.” வாசகர் தானாகவே நிமிர்ந்து உட்காருவார்.

கதை நிகழ்காலம்: தமிழில் சத்தம் கூட

இனி “க”. நூலில் இது மிகுதியாக வந்த அத்தியாயம் 1995 ஒக்டோபர் 30 இரவு. இராணுவம் நெருங்கி வர, வலிகாமத்துச் சனம் முழுக்க மழையில் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்து நடந்த இரவு. யாழ்ப்பாணத்தார் எழுதும் நினைவுகளில் இந்த இரவு வந்தால் வினைகள் திடீரென்று நிகழ்காலத்துக்குத் தாவுவதை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன். இவரும் தாவியிருந்தார். ஆங்கிலத்தில் உள்ள காலங்களை மட்டும் அப்படியே வைத்து எழுதினால் இப்படி வரும்:

“பின்னேரத்திலிருந்து தூறிக்கொண்டிருந்தது. நாங்கள் சாப்பிட்டு முடித்திருந்தோம். ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது. வெளியே வந்தோம். ஒழுங்கையில் சனம் நிற்கிறது. அம்மா விளக்கை அணைக்கிறா. அவ வாசலுக்கு வருகிறா. ஐயா சைக்கிளை வெளியே எடுக்கிறார். அவர் அதை 1958இல் வாங்கினார். நான் கதவைப் பூட்டுகிறேன். நான் திறக்கிறேன். நான் மறுபடி பூட்டுகிறேன். குழந்தைகள் அழுகின்றன. மழை பெய்கிறது.”

வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். கிறது, கிறா, கிறார், கிறேன், கிறேன், கிறேன். கல்யாணவீட்டு மேளம் மாதிரி ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு அடி. ஆங்கிலத்தில் வினை வாக்கியத்தின் நடுவில் போய் ஒளிந்துகொள்கிறது, காலம் காதில் உறைக்காது. தமிழில் வினை கடைசியில் நிற்கிறது, காலமும் ஆளும் அதன் வாலில் தொங்குகின்றன. அதே நிகழ்காலம் தமிழில் இரட்டிப்பாகக் கேட்கும். இன்னும் சில வரி போனால் நாடகப் பிரதியில் அடைப்புக்குறிக்குள் வரும் மேடைக்குறிப்புப் போலாகிவிடும்: ராமன் வருகிறான், இருக்கிறான், பார்க்கிறான்.

இதற்குப் பயந்து நான் அடுத்த பிரதியில் எல்லாவற்றையும் இறந்தகாலமாக்கினேன். “அணைத்தா, எடுத்தார், பூட்டினேன், அழுதன, பெய்தது.” இலக்கணம் சுத்தம். அக்கா கேட்டுவிட்டு, “எல்லாம் சரிதான், ஆனா இது எங்கட அண்ணை கதைக்கிற மாதிரி இல்லை” என்றா. அவர் அந்த இரவைச் சொல்லும்போது குரலே மாறிவிடுமாம். அந்த மாற்றத்தைத்தான் அவர் ஆங்கிலத்தில் காலத்தை மாற்றிக் காட்டியிருந்தார். நான் அதை இஸ்திரி போட்டுவிட்டேன்.

மூன்றாவது பிரதியில் வேறொரு கேள்வி கேட்டேன்: எங்கள் ஆட்கள் வாயால் கதை சொல்லும்போது நிகழ்காலத்துக்குள் எப்படிப் போகிறார்கள்? கேட்டுப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். பெரும்பாலும் ஒரு பார்வையோடு போகிறார்கள். “கதவைத் திறந்து பாத்தா, ஆள் நிக்கிறான்.” “போய்ப் பாக்கிறன், ஒருத்தரும் இல்லை.” இல்லாவிட்டால் ஒரு பேச்சோடு போகிறார்கள். “அப்ப அவர் கேக்கிறார், எங்க போறாய் எண்டு.” “பார்த்தால்” என்ற சொல் தமிழ்க் கதையில் ஒரு படலை. அதைத் திறந்துகொண்டு போனால் காலம் மாறியதை எவரும் பிழையாக எடுக்கமாட்டார்கள். படலை இல்லாமல் வேலி பாய்ந்தால்தான் “என்ன இது, எழுத்துப்பிழையோ?” என்று வாசகர் நிற்பார்.

படலையைக் கண்டுபிடித்த பிறகு அந்தப் பந்தி இப்படி ஆனது:

“பின்னேரத்திலிருந்து தூறிக்கொண்டிருந்தது. சாப்பிட்டு முடித்திருந்தோம். ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது. வெளியே வந்து பார்த்தால், ஒழுங்கை முழுக்கச் சனம். அம்மா விளக்கை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்கிறா. ஐயா ஒன்றும் பேசாமல் சைக்கிளை வெளியே எடுக்கிறார், 1958இல் வாங்கிய ராலி. நான் கதவைப் பூட்டி, திறந்து, மறுபடி பூட்டுகிறேன். எங்கேயோ குழந்தைகள் அழுகிற சத்தம். மழை விடவில்லை.”

என்ன செய்திருக்கிறேன் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். “வெளியே வந்தோம்” என்பது “வெளியே வந்து பார்த்தால்” ஆனது. மூலத்தில் இருந்த இடத்திலேயே படலை, நானாக ஒரு நிகழ்ச்சியும் சேர்க்கவில்லை. “சனம் நிற்கிறது” என்பதில் வினையையே எடுத்துவிட்டேன். “ஒழுங்கை முழுக்கச் சனம்” என்பது தமிழில் முழு வாக்கியம், அதற்குக் காலமே இல்லை. இறந்தகாலத்துக்கும் நிகழ்காலத்துக்கும் நடுவில் இப்படி ஒரு காலமில்லாத வாக்கியம் நல்ல கீல்போல வேலை செய்யும். “மழை விடவில்லை” என்பதும் அதே தந்திரம். “இல்லை” சேர்ந்த எதிர்மறை நேற்றைக்கும் பொருந்தும், இந்த நிமிடத்துக்கும் பொருந்தும். பூட்டித் திறந்து பூட்டியதை எச்சங்களாகக் கோத்து, கடைசி வினைக்கு மட்டும் காலம் கொடுத்தேன். ஒன்பது நிகழ்காலத்தில் மூன்றுதான் முற்றுவினையாக மிஞ்சியது, ஆனால் அந்த மூன்றும் அம்மா, ஐயா, நான் என்று மூன்று பேரில் விழுகின்றன. “ஒன்றும் பேசாமல்” மட்டும் நான் முதலில் சேர்த்துவிட்டுப் பயந்த சொல். மூலத்தின் முந்திய பக்கத்தில் ஐயா அன்று முழுக்கப் பேசவில்லை என்று இருந்ததால் எழுதியவரிடம் கேட்டு வைத்துக்கொண்டேன்.

உள்ளே போக ஒரு படலை வேண்டுமானால் வெளியே வரவும் ஒன்று வேண்டும். மூலத்தில் வெறும் இறந்தகாலம்: விடியக் கைதடிக்கு வந்தோம். தமிழில் “வந்தோம்” என்று விட்டால் மேலே உள்ள நிகழ்காலத்தோடு முட்டிக்கொண்டு நிற்கும். “விடியும்போது கைதடிக்கு வந்து சேர்ந்திருந்தோம்” என்று எழுதினேன். “இருந்தோம்” சேர்ந்தால் அந்த இரவு முடிந்து கதவு சாத்தப்பட்டது போல இருக்கும். வெளியே வருகிற இடத்தில் நேரத்தையோ ஊரையோ குறிக்கும் ஒரு சொல்லும் இந்த “இருந்த”வும் சேர்ந்தால் அநேகமாக வாசகர் தடுக்குப்படமாட்டார்.

எங்கே தாவலாம், எங்கே கூடாது

மக்கள் வாயால் சொல்லும் கதைகளில் காலம் மாறுவதை மொழியியலாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆங்கிலப் பேச்சை வைத்து நெஸ்ஸா வொல்ஃப்சன் சொன்னது, நிகழ்காலத்தைவிட அதற்குள் தாவுகிற, அதிலிருந்து மீள்கிற மாற்றம்தான் கதையைப் பகுதி பகுதியாகப் பிரிக்கிறது என்பது. 1981இல் டெபொரா ஷிஃப்ரின், இந்த நிகழ்காலம் கதையின் சம்பவம் நகரும் வரிகளில்தான் வருகிறது, இடம், ஆள், சூழல் என்று பின்னணி சொல்லும் வரிகளில் வருவதில்லை என்று காட்டினார். மொழிபெயர்ப்பவருக்கு இது நேரடியாக உதவும். உங்கள் தமிழில் “கிறது” என்பது பின்னணி வரியில் விழுந்தால், அது கதை நிகழ்காலமாக இல்லாமல் “இன்றைக்கும் அப்படி” என்ற பொருளைத் தந்துவிடும். “எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பனங்காணி இருக்கிறது” என்றால் இப்போதும் இருக்கிறது. இல்லையென்றால் “இருந்தது” என்றே எழுதுங்கள், சுற்றிவர எத்தனை நிகழ்காலம் இருந்தாலும்.

மேலே உள்ள சைக்கிள் வரியும் இப்படித்தான். சம்பவம் நிகழ்காலத்தில் ஓடுகிறது, சைக்கிள் வாங்கியது அதற்கு முந்தியது. கதை இறந்தகாலத்தில் போனால் முந்தியதற்கு “வாங்கியிருந்தார்” வேண்டும். கதை நிகழ்காலத்தில் போனால் வெறும் “வாங்கினார்” போதும், அல்லது “1958இல் வாங்கிய ராலி” என்று பெயரெச்சமாக்கிவிடலாம். ஒரு படி பின்னால் போகிற கணக்கு இது. அடிப்படைக் காலம் மாறினால் பின்னால் போகிற படியும் சேர்ந்து மாற வேண்டும். புதியவர்கள் அநேகமாக முதலாவதை மாற்றிவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். நிகழ்காலக் காட்சிக்கு நடுவில் “வாங்கியிருந்தார்” என்று ஒன்று தனியே நின்று விழிக்கும்.

திருத்தத் தேவையில்லாதவை

சீராக வைக்கவேண்டும் என்ற வேகத்தில் சரியாக இருப்பதையும் கெடுப்பது உண்டு. இரண்டு இடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று பெயரெச்சம். “ஓடுகிற பஸ்ஸில் ஏறினான்.” இங்கே “ஓடுகிற” என்பதைப் பார்த்துவிட்டு, கதை இறந்தகாலம்தானே என்று “ஓடிய பஸ்ஸில் ஏறினான்” ஆக்கினால் பொருளே போய்விடும். பெயரெச்சத்தின் காலம் முற்றுவினையை வைத்துக் கணக்கிடப்படுவது. ஏறிய நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அதைத் தொடவேண்டாம்.

இரண்டாவது, பிறர் சொன்னது. ஆங்கிலத்தில் “சொன்னார்” என்று இறந்தகாலம் வந்தால் உள்ளே இருக்கிற வினையையும் ஒரு படி பின்னுக்கு இழுப்பார்கள். தமிழில் அந்த வழக்கம் இல்லை. சொன்னவர் சொன்ன நேரத்தில் எந்தக் காலத்தில் சொன்னாரோ அதுவே “என்று” என்பதற்கு முன்னால் நிற்கும். “தனக்குச் சுகமில்லை என்றார்.” “பாலத்தில் கால் வைக்க இடமில்லை என்று சொன்னார்கள்.” இங்கே “சுகமில்லாமல் இருந்தது என்றார்” என்று எழுதினால், சொல்லும்போது சுகமாகிவிட்டார் என்று ஆகும். ஆங்கில மூலத்தில் இறந்தகாலத்தைக் கண்டு நிகழ்காலம் எழுதக் கை கூசும். கூசட்டும், எழுதுங்கள்.

வழுக்கலா, வேண்டுமென்றா?

எழுதியவர்கள் எல்லாரும் தேர்ந்த எழுத்தாளர்கள் இல்லை. சில தாவல்கள் வெறும் வழுக்கல். தலைமையாசிரியர் உள்ளே வந்தார், என்னைப் பார்க்கிறார், பிரம்பை எடுத்தார் என்று மூலத்தில் ஒரு இடம். ஒரே செயலோட்டத்துக்கு நடுவில் ஒரு வினை மட்டும் வேறு காலம், அடுத்த வினையிலேயே திரும்பிவிடுகிறது. இது வழுக்கலாக இருக்க வாய்ப்புக் கூட. மாறாக, தாவல் ஒரு சம்பவத்தின் தொடக்கத்தில் தொடங்கி நாலைந்து வினைக்கு நீடித்து, சம்பவம் முடியும் இடத்தில் முடிந்தால் அது வேண்டுமென்றே செய்தது, அல்லது அவருடைய வாய்க்கதைப் பழக்கம். இரண்டையும் காப்பாற்ற வேண்டும்.

“பார்க்கிறார்” போன்ற பார்வையும் “சொல்கிறார்”, “கேட்கிறார்” போன்ற பேச்சும் தனியொரு வினையாக வந்தாலும் அவசரப்பட்டு வெட்டவேண்டாம். வாய்க்கதையில் அவை ஒற்றையாகவும் நிகழ்காலத்துக்குப் போகும். எனக்குச் சந்தேகமாக இருந்த இடங்களைப் பக்க எண்ணோடு ஒரு பட்டியலாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் என் தமிழ் இரண்டு விதமாகவும் வைத்து அவருக்கு ஈமெயில் அனுப்பினேன். காலம் என்று இலக்கணப் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. “இந்த இடத்தில் நீங்கள் அங்கேயே நிற்கிறீர்களா, அல்லது இங்கே இருந்து பார்க்கிறீர்களா?” என்றுதான் கேட்டேன். பாதிக்கு மேல் “அது தெரியாமல் வந்தது, சரிசெய்யும்” என்று பதில் வந்தது. தலைமையாசிரியர் இடத்துக்கு மட்டும் “இல்லை, அந்தப் பார்வை அப்படியே இருக்கட்டும்” என்று எழுதியிருந்தார். ஆகவே தமிழில் அதற்கு இடம் பண்ணிக் கொடுத்தேன்: “தலைமையாசிரியர் உள்ளே வந்தார். நிமிர்ந்தால், என்னைத்தான் பார்க்கிறார். பிரம்பை எடுத்தார்.” அனுமானத்தில் நான் அதை வெட்டியிருப்பேன்.

எழுதியவர் உயிரோடு இல்லை, கேட்க வழியில்லை என்றால், ஒற்றை வினைத் தாவலைச் சுற்றியுள்ள காலத்தோடு சேர்த்துவிட்டு, நீண்டதை வைத்துக்கொள்வது என் வழக்கம். பார்வையும் பேச்சும் விதிவிலக்கு.

எழுதியவரின் “இன்று”

“இ” என்று அடையாளமிட்டவற்றில் ஒரு கண்ணி இருக்கிறது. 2009இல் எழுதியவர் “யாழ்தேவி இப்போது யாழ்ப்பாணத்துக்கு வருவதில்லை” என்று எழுதியிருந்தார். அன்று அது உண்மை. 1990இல் நின்ற கோச்சி யாழ்ப்பாணம்வரை திரும்ப வந்தது 2014 ஒக்டோபரில். நான் மொழிபெயர்க்கும்போது ஜன்னலுக்கு வெளியே கோச்சிச் சத்தம் கேட்கிறது. “அப்போது வரவில்லை” என்று மாற்றக் கை துடித்தது. மாற்றினால் என்ன ஆகும்? அந்த வரியின் “இன்று” அவருடையது என்பது போய் என்னுடையது ஆகிவிடும், அடுத்த பந்தியில் அவர் கோச்சிக்காக ஏங்குவதற்குக் காரணம் இல்லாமல் போகும். வரியை அப்படியே விட்டேன். நூலின் முகப்பில் “இது 2009இல் எழுதப்பட்டது” என்று ஒரு வரி போட்டேன். நூலில் “இன்று” என்றால் ஒரே ஒரு இன்றுதான் இருக்கலாம்.

ஒரு தாள், ஒரு தேடல், ஒரு வாசிப்பு

இரண்டாவது அத்தியாயம் தொடங்கமுதல் ஒரு அரைத்தாளில் உங்கள் முடிவுகளை எழுதி மேசையில் ஒட்டுங்கள். என் தாளில் இருந்தது இவ்வளவுதான்: கதைக்கு இறந்தகாலம். வழக்கத்துக்கு “வா, வார், உம்”. இன்றைக்கும் என்றைக்கும் உள்ளதற்கு நிகழ்காலம். கதை நிகழ்காலம் மூலத்தில் உள்ள சம்பவங்களில் மட்டும், படலையோடு. அப்புறம் இன்னொரு வரி: யாழ்ப்பாணத்து “வந்தவர்”, “சொன்னனான்” ஆகியவை பேச்சு மேற்கோளுக்குள் மட்டும். “அவர் நேற்று வந்தவர்” என்பது எங்கள் காதுக்கு ஒரு அழுத்தமான இறந்தகாலம். வெளியூர் வாசகர் அதைப் பெயர்ச்சொல்லாக எடுத்து “வந்தவர் என்ன செய்தார்?” என்று அடுத்த வரியில் தேடுவார்.

முழுப் பிரதியும் முடிந்ததும் கணினியில் Ctrl+F அடித்து கிற என்று தேடுங்கள், பிறகு கின்ற என்று தேடுங்கள். நிகழ்கால வினைகள் அநேகமாக எல்லாம் இந்த இரண்டில் அகப்படும். ஒவ்வொன்றிலும் நின்று, அது நாலு வேலைகளில் எது என்று சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். சொல்ல முடியாதது வழுக்கல். பெயரெச்சங்களும் சேர்ந்து வரும், அவற்றைத் தாண்டிப் போங்கள். கிறிஸ்மஸும் கிறிக்கெற்றும்கூட வரும்; எங்கள் எழுத்துமுறைக்குக் கொடுக்கவேண்டிய விலை அது. பேச்சு மேற்கோளுக்குள் உள்ள “வாறார்”, “போறன்” இந்தத் தேடலில் அகப்படாது. அவை ஆட்கள் சொன்னபடி நிற்கவேண்டியவை, அகப்படாததே நல்லது.

கடைசி வேலையைக் கணினி செய்யாது. ஒரு அத்தியாயத்தை, கதையை ஏற்கனவே வாயால் கேட்ட ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். கையில் பென்சில் வைத்துக்கொள்ளுங்கள், அவருடைய முகத்தைப் பாருங்கள். காலம் சறுக்கும் இடத்தில் கேட்கிறவர் தலையைச் சற்றுத் திருப்புவார், அல்லது “ஆர், அம்மாவோ?” என்று இடையில் கேட்பார். அந்த இடத்தில் கோடு போடுங்கள்.

திருத்திய அத்தியாயத்தை இரண்டாம் தடவை கொண்டுபோனபோது அக்கா குறுக்கே பேசவில்லை. ஒக்டோபர் இரவு முடியும் இடம் வந்ததும் மட்டும், “அந்தச் சைக்கிள் அங்கதான் நிக்குது” என்று கொல்லைப் பக்கம் கையைக் காட்டினா. மூலத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. அடுத்த ஈமெயிலில் அண்ணனுக்கு எழுதினேன்.